ஐட்டத்துக்கு ஐட்டம் வரியா, பில் மொத்தத்துக்கு வரியா: அந்த இரண்டு காசு எங்கே போகிறது?

கேள்வி: "ஐந்து ஐட்டம் உள்ள ஒரு இன்வாய்ஸ், வரி 15 சதவீதம். எங்கள் பில்லிங் மென்பொருள் வரியை 7.54 என்று போடுகிறது. அதே இன்வாய்ஸை வாங்கியவரின் கணக்கு மென்பொருளில் ஏற்றினால் 7.56 வருகிறது. பொருள், விலை, வரி விகிதம் எல்லாம் ஒன்றுதான். யாருடைய மென்பொருளில் தப்பு? இதை எப்படிச் சரிசெய்வது?"

இரண்டு மென்பொருளிலும் தப்பு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கணக்கு மென்பொருள் நிறுவித் தருவதும், கணக்கு ஒத்துவராதபோது உட்கார்ந்து தேடுவதும்தான் பல வருடமாக என் வேலை. இந்த இரண்டு காசு, மூன்று காசு வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள், ஆனால் ரவுண்ட் செய்யும் இடம் வேறு. உங்களுடையது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரி கண்டு, அங்கேயே இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து, பிறகு கூட்டுகிறது. அவருடையது முதலில் விலைகளைக் கூட்டி, மொத்தத்துக்கு வரி கண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்கிறது.

நீங்கள் ஐட்டம் விலைகளைத் தரவில்லை. அதனால் உங்கள் எண்கள் அப்படியே வரும்படி ஐந்து விலைகளை நானே எடுத்துக்கொள்கிறேன்: 12.43, 7.95, 3.29, 21.09, 5.62. இரண்டாம் தசம இடத்து அலகை, எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும், இங்கே காசு என்றே சொல்கிறேன். முதல் ஐட்டத்துக்கு 15 சதவீதம் 1.8645. இதை 1.86 என்று எழுதினால் 0.45 காசு கழன்று விழுகிறது. இரண்டாவது 1.1925, அது 1.19 ஆகும்போது கால் காசு போகிறது. மூன்றாவது 0.4935, அது 0.49 ஆகிறது. நான்காவது 3.1635, அது 3.16. ஐந்தாவது 0.843, அது 0.84. ஐந்து ரவுண்டிங்கும் கீழ்நோக்கியே விழுந்திருக்கின்றன. விழுந்த துண்டுகளைக் கூட்டினால் 1.7 காசு. ரவுண்ட் செய்த ஐந்து எண்களின் கூட்டல் 7.54.

இப்போது அவர் வழியில் வருவோம். ஐந்து விலைகளின் மொத்தம் 50.38. அதற்கு 15 சதவீதம் 7.557, ரவுண்ட் செய்தால் 7.56. உங்கள் வழியில் ஐந்து இடத்தில் சிந்திய 1.7 காசு இங்கே சிந்தாமல் சேர்ந்து நின்று, கடைசி ரவுண்டிங்கில் இன்னும் 0.3 காசு மேலே ஏறி, முழு இரண்டு காசாகத் தெரிகிறது. எக்ஸெல்லில் இந்த ஐந்து விலைகளை A1 முதல் A5 வரை போட்டு, கீழே உள்ள இரண்டு சூத்திரத்தையும் இரண்டு கட்டத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவது உங்கள் மென்பொருள், இரண்டாவது அவருடையது.

```
=SUMPRODUCT(ROUND(A1:A5*15%,2))
=ROUND(SUM(A1:A5)*15%,2)
```

எக்ஸெல்லில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ROUND போடாமல், கட்டத்தின் வடிவமைப்பை மட்டும் இரண்டு தசமம் என்று மாற்றினால், திரையில் 1.86 தெரியும், உள்ளே 1.8645 அப்படியே இருக்கும். அப்போது கண்ணுக்குத் தெரியும் ஐந்து எண்ணைக் கையால் கூட்டினால் 7.54, அடியில் எக்ஸெல் காட்டும் கூட்டல் 7.56. ஒரே தாளுக்குள்ளேயே சண்டை. "எக்ஸெல்லுக்குக் கூட்டத் தெரியவில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அடுத்து, வித்தியாசம் எவ்வளவு வரை போகலாம் என்பதைப் பார்க்க வேண்டும். இதில் கணிதம் தெளிவாக இருக்கிறது. ஒரு ஐட்டத்தில் ரவுண்டிங்கால் ஏறவோ இறங்கவோ கூடியது அதிகபட்சம் அரைக் காசு. ஆக நூறு ஐட்டம் உள்ள பில்லில் மிக மோசமான நிலையில் ஏறக்குறைய 50 காசு வரை விலகலாம். ஆனால் விலைகள் கலவையாக இருந்தால் சில மேலே போகும், சில கீழே வரும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பில்லில் விலகல் ஐட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். ஒரு ஐட்டத்தின் ரவுண்டிங் பிழையின் திட்ட விலக்கம், அதாவது அது வழக்கமாக விலகும் அளவு, சுமார் 0.29 காசு, நூறு ஐட்டத்துக்கு அது பத்து மடங்காகி சுமார் 2.9 காசு. அதாவது நூறு ஐட்டம் உள்ள கலவையான பில்லில் வித்தியாசம் பெரும்பாலும் 6 காசுக்குள் அடங்கிவிடும். அதே பில்லில் 40 காசு வித்தியாசம் வந்தால், அது ரவுண்டிங்தான் என்று சொல்லித் தள்ளிவிடாமல் வேறு காரணம் தேடுவேன்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு, அது சில்லறை விற்பனையில் அடிக்கடி வரும். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டுமானால் விலைகள் கலவையாக இருக்க வேண்டும். எல்லா விலையும் ஒரே மாதிரி முடிந்தால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம்தான் விழும். வரிக்கு முந்தைய விலை 0.99 என்றால் 15 சதவீதம் 0.1485, ரவுண்ட் செய்தால் 0.15. விலை 1.99 என்றால் 0.2985, அது 0.30. விலை 2.99 என்றால் 0.4485, அது 0.45. பாருங்கள், விலையில் ஒரு முழு அலகு கூடும்போது வரியில் சரியாக 15 காசு கூடுகிறது; பின்னம் மாறுவதே இல்லை. வரி விகிதம் முழு எண் சதவீதமாக இருக்கும்வரை, ரவுண்டிங் எந்தப் பக்கம் போகும் என்பதை விலையின் கடைசி இரண்டு இலக்கம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஆகவே 99-இல் முடியும் விலைகளாகவே வைத்திருப்பவர், 15 சதவீத வரியில், ஒவ்வொரு ஐட்டத்திலும் 0.15 காசு கூடுதலாக வசூலிக்கிறார். நூறு ஐட்டத்துக்கு 15 காசு. ஒருபோதும் குறையாது, கூடிக்கொண்டேதான் போகும். விலை 0.43 என்று வையுங்கள். வரி 0.0645, ரவுண்ட் செய்தால் 0.06. இதை நாற்பது தனித்தனி ஐட்டமாகப் போட்டால் வரி 2.40. அதையே ஒரே ஐட்டமாக, எண்ணிக்கை 40 என்று போட்டால் மொத்தம் 17.20, வரி 2.58. பொருளும் ஒன்று, விலையும் ஒன்று. பில்லை எப்படி அடுக்கினோம் என்பதால் மட்டும் 18 காசு வித்தியாசம். ஸ்கேனரில் ஒவ்வொன்றாகத் தட்டும் மென்பொருளும், எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் மென்பொருளும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

ஒரு பில்லுக்குக் காசுக் கணக்கு, லட்சக்கணக்கான பில்லுக்கு அது பணக் கணக்கு. அதனால்தான் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நெதர்லாந்தின் சூப்பர் மார்க்கெட் நிறுவனமான ஆஹோல்ட், ஒவ்வொரு பொருளுக்கும் வரியைக் கீழ்நோக்கி ரவுண்ட் செய்துகொள்ளத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டது. 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பதில்: ரவுண்டிங் முறையை ஐரோப்பியச் சட்டம் வரையறுக்கவில்லை, அதை அந்தந்த நாடுகள்தான் வகுக்க வேண்டும்; ஒவ்வொரு பொருளிலும் கீழ்நோக்கி ரவுண்ட் செய்ய அனுமதித்தே தீர வேண்டும் என்று எந்த நாட்டையும் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2009-இல் பிரிட்டனின் வெதர்ஸ்பூன் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். கீழ்நோக்கி மட்டுமே ரவுண்ட் செய்யக் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த முறையில் பிழைகள் அடித்துக்கொள்வதே இல்லை. கலவையான விலைகளில்கூட ஐட்டத்துக்குச் சராசரியாக அரைக் காசு ஒரே பக்கம் சேரும்.

ஆக "எது சரியான முறை" என்ற கேள்விக்குக் கணிதத்தில் விடை கிடையாது. உங்களுக்குப் பொருந்தும் வரிச் சட்டம் ஒரு முறையைச் சொல்லியிருந்தால் அதுதான் சரி, பேச்சுக்கே இடமில்லை. சில நாடுகளில் இரண்டு முறையும் ஏற்கப்படும், ஆனால் ஒன்றை எடுத்தால் அதையே தொடர வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் பில் போடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அதனால் இந்தப் புள்ளியில் உங்கள் ஆடிட்டரின் சொல்லே என் சொல்லுக்கு மேல். சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது என்றால், நான் பில் மொத்தத்தில் ரவுண்ட் செய்யும் முறையைத்தான் பரிந்துரைப்பேன். அதிலும் ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் தனித்தனியாக: 15 சதவீதப் பொருள்களை ஒரு குவியலாகவும், 5 சதவீதப் பொருள்களை இன்னொரு குவியலாகவும் கூட்டி, குவியலுக்கு ஒரு முறை வரி கண்டு, ஒரு முறை ரவுண்ட் செய்வது. ஐரோப்பிய மின்னணு இன்வாய்ஸ் தரமான EN 16931 இந்த வழியில்தான் போகிறது. அதில் ஐட்டத்துக்கு வரித்தொகை என்ற புலமே இல்லை. ஐட்டத்தில் வரியில்லாத தொகையும் விகிதமும் மட்டும் இருக்கும், வரித்தொகை விகிதவாரிக் குவியலில்தான் வரும். இந்த முறையில் பிழை, ஐட்டம் எத்தனை இருந்தாலும், ஒரு விகிதத்துக்கு அரைக் காசைத் தாண்டாது. பில்லை நாற்பதாக அடுக்கினாலும் ஒன்றாக அடுக்கினாலும் ஒரே வரிதான் வரும் என்பது எனக்கு அதைவிடப் பிடித்த காரணம். ஒரே ஒரு நிபந்தனை: ஐட்டத்தின் வரியில்லாத தொகை முன்பே காசு அளவில் முழுமையாக இருக்க வேண்டும்.

ஐட்டவாரி முறைக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே வரித்தொகையை அச்சிட்டாக வேண்டும், வாடிக்கையாளர் கையால் கூட்டிச் சரிபார்ப்பார் என்றால், அச்சான எண்களும் மொத்தமும் ஒத்துப்போவதற்கு அந்த முறைதான் நேரான வழி. ஒவ்வொரு ஐட்டத்தையும் வேறு வேறு பிரிவின் செலவில் எழுதும் வாங்குபவருக்கும் அது வசதி.

வரி இரண்டு பகுதியாகப் பிரியும் இடங்களில் இன்னொரு ரவுண்டிங் ஒளிந்திருக்கும். மொத்த விகிதம் 15, அதில் பாதி ஒரு அரசுக்கு, பாதி இன்னொன்றுக்கு என்று வையுங்கள். தொகை 50.20 என்றால் 15 சதவீதம் 7.53, ரவுண்டிங்கே தேவையில்லை. ஆனால் 7.5 சதவீதம் தனியாகக் கண்டால் 3.765, ரவுண்ட் செய்தால் 3.77, இரண்டு பங்கும் சேர்ந்து 7.54. சட்டம் இரண்டையும் தனி வரியாகப் பார்த்தால் 7.54தான் சரி. அப்படியானால் மொத்த விகிதத்தில் கண்டு பாதியாக்கும் மென்பொருளோடு அது ஒத்துவராது.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரக்கூடிய ஒன்று, வரியை உள்ளடக்கிய விலை. இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சிக்கலாகிறது. வரி சேர்த்து விலை 10.00, விகிதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி என்பது 10.00 × 15 ÷ 115, அதாவது 1.3043. ரவுண்ட் செய்தால் 1.30. வரியில்லாத தொகை 8.70. கூட்டினால் 10.00, எல்லாம் நன்றாக இருக்கிறது. இப்போது வாங்கியவரின் மென்பொருள் 8.70-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 15 சதவீதம் காண்கிறது: 1.305. ரவுண்ட் செய்தால் 1.31, மொத்தம் 10.01. சரி, 8.69 என்று குறைத்துப் பார்ப்போமா? அதன் வரி 1.3035, அதாவது 1.30, மொத்தம் 9.99. 8.69 போட்டால் 9.99, 8.70 போட்டால் 10.01. இடையில் இருக்கும் 10.00-ஐ, அரையை மேலே தள்ளும் வழக்கமான முறையில், இரண்டு தசம அடிப்படை விலை எதிலிருந்தும் பெற முடியாது. அப்படி ஒரு எண் இல்லவே இல்லை. வாடிக்கையாளருக்கு 10.00 என்று விலை சொல்லிவிட்டு, மென்பொருளில் அடிப்படை விலையைச் சேமிப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தச் சுவரில் முட்டுவார்கள்.

மூன்று பொருள் வாங்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். வரி சேர்த்து 9.99 விலையுள்ள பொருள் மூன்று, ஆகமொத்தம் 29.97. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது அதைத்தான். அடிப்படை விலை 8.69 என்று சேமித்த மென்பொருள் அதை மூன்றால் பெருக்கி 26.07 என்று எடுத்து, 15 சதவீதம் 3.9105 கண்டு, 3.91 சேர்த்து, 29.98 கேட்கிறது. சொன்ன விலையைவிட ஒரு காசு அதிகம். வரி சேர்த்த விலையில் விற்பவர்கள் அந்த விலையையே மூலமாக வைத்துக்கொண்டு, பில் மொத்தமான 29.97-இலிருந்து வரியைப் பிரித்தெடுக்க வேண்டும்: 3.9091, அதாவது 3.91. மிச்சம் 26.06. இந்த மிச்சத்தைக் கழித்துத்தான் பெற வேண்டும், தனியாகக் கணக்கிட்டு ரவுண்ட் செய்யக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தால், சில வரி விகிதங்களில் இரண்டும் சேர்ந்து மூலத்தைத் தராத நாள் வரும்.

மேலே 1.305 வந்ததே, அந்தச் சரிபாதி எண்ணில் இன்னொரு முரண்பாடும் பிறக்கும். அரையை எப்போதும் மேலே தள்ளினால் 1.31. இரட்டைப்படை இலக்கத்தை நோக்கித் தள்ளும் முறையில் அது 1.30. எக்ஸெல்லின் ROUND, அரையைப் பூஜ்ஜியத்திலிருந்து விலகும் பக்கம் தள்ளும். சி ஷார்ப் என்ற நிரல்மொழியின் Math.Round, எதுவும் சொல்லாமல் விட்டால், இரட்டைப்படைப் பக்கம் போகும். பைத்தானின் round அப்படித்தான்: round(2.5) என்றால் 2. போதாக்குறைக்கு, தசம எண்ணை இரும வடிவில் வைக்கும் மென்பொருளில் 2.675 என்ற எண் உள்ளே அதைவிட நூலிழை குறைவாக இருக்கும், அதனால் round(2.675, 2) கொடுக்கும் விடை 2.67. பணத்தைத் தசம வகையிலோ, காசை முழு எண்ணாகவோ வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். இந்தக் காரணத்தால் வரும் வித்தியாசத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: எல்லா பில்லிலும் வராது, வரி மூன்றாம் தசமத்தில் சரியாக 5-இல் முடியும் பில்களில் மட்டும் வரும்.

இனி, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழி. முதலில் வரியைத் தொடாதீர்கள். இரண்டு பக்கத்திலும் வரியில்லாத மொத்தம் ஒன்றா என்று பாருங்கள். அங்கேயே வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வரி ரவுண்டிங் இல்லை. பெரும்பாலும் நான்கு தசமத்தில் இருக்க வேண்டிய ஓர் அலகு விலையை யாரோ இரண்டாகச் சுருக்கியிருப்பார்கள்: 0.0375 விலையில் ஆயிரம் அலகு 37.50, அதை 0.04 ஆக்கினால் 40.00. அல்லது பில் மீதான தள்ளுபடியை ஐட்டங்களுக்குப் பங்கிட்டபோது காசு சிந்தியிருக்கும். வரியில்லாத மொத்தம் ஒத்துப்போனால், மேலே கொடுத்த இரண்டு சூத்திரத்தையும் ஓட்டி, யாருடைய எண் எதோடு பொருந்துகிறது என்று பாருங்கள். ஒருவர் முதலாவதோடும் மற்றவர் இரண்டாவதோடும் பொருந்தினால் விசாரணை முடிந்தது. இரண்டிலும் பொருந்தாத எண் வந்தால், விகிதக் குவியல்கள், பிரிந்த வரி, சரிபாதி எண் என்ற வரிசையில் தேடுங்கள். உங்கள் பில்லில் வித்தியாசம் இரண்டு காசு, ஐட்டம் ஐந்து. ஐந்துக்கு அதிகபட்ச எல்லை இரண்டரைக் காசு, கடைசி ரவுண்டிங்குக்கு இன்னொரு அரை; ஆகவே உங்களுடையது எல்லைக்குள்தான் இருக்கிறது.

பில் மொத்தத்தில் ரவுண்ட் செய்துவிட்டு, பிறகு ஐட்டவாரியாகவும் வரி தேவைப்பட்டால், மொத்தத்தைப் பங்கிடலாம். நம் உதாரணத்தில் மொத்தம் 7.56. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கீழ்நோக்கி வெட்டிய வரிகளின் கூட்டல் 7.54. மிச்சம் இரண்டு காசு. அதைப் பின்னம் பெரிதாக உள்ள ஐட்டங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது வழக்கம். முதல் ஐட்டத்தின் பின்னம் 0.45 காசு, அதற்கு ஒன்று: 1.87. அடுத்து மூன்றாவதும் நான்காவதும் 0.35-இல் சமம்; தொகை பெரிய நான்காவதுக்குக் கொடுத்தால் 3.17. இப்போது கூட்டல் 7.56. ஆனால் இதை உள்கணக்குக்கு, பிரிவுகளுக்குச் செலவைப் பங்கிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் அச்சிட்டால், 1.8645 எப்படி 1.87 ஆனது என்று யாராவது கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கும்.

இதைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது சரக்கு திரும்பி வரும் நேரம். 7.56 வரி போட்ட பில்லின் ஐந்து ஐட்டங்களும், ஒவ்வொன்றாக, ஐந்து கிரெடிட் நோட்டில் திரும்பி வருகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு நோட்டும் தன் ஐட்டத்துக்கு வரி கண்டு ரவுண்ட் செய்தால், திருப்பித் தந்த மொத்த வரி 7.54. சரக்கு முழுதும் திரும்பிவிட்டது, வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் இரண்டு காசு பாக்கி தொங்கிக்கொண்டு, மாதா மாதம் நிலுவைப் பட்டியலில் பெயர் வரும். கடைசி நோட்டில் விகிதத்தைப் பெருக்காதீர்கள். மூல வரியிலிருந்து ஏற்கெனவே திருப்பிய வரியைக் கழித்து எழுதுங்கள். முதல் நான்கு நோட்டுகள் 1.86, 1.19, 0.49, 3.16, ஆக 6.70. கடைசி நோட்டின் வரி 7.56 − 6.70 = 0.86, ஐட்டத்தின் சொந்த வரி 0.84 ஆக இருந்தாலும்.

வரித்தாக்கலிலும் இதே மனோபாவம்தான் வேண்டும். காலாண்டு விற்பனை மொத்தத்தை விகிதத்தால் பெருக்கி வரும் எண்ணும், பில்களில் உண்மையில் போட்ட வரிகளின் கூட்டலும் ஒன்றாக இருக்காது; முன்னது மூன்றாவதொரு ரவுண்டிங் இடம். பில்லில் வசூலித்ததாக எழுதிய வரியைச் சேமித்து, அதையே கூட்டுங்கள். படிவம் விகிதத்தால் பெருக்கிய எண்ணைத்தான் கேட்கிறது என்றால், இடைவெளியை "ரவுண்டிங் வித்தியாசம்" என்று ஒரு தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அந்தக் கணக்கு இருபக்கமும் ஏறி இறங்கி, சிறிதாகவே இருந்தால் கவலை வேண்டாம். ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், 99-இல் முடியும் விலைகளையும் கீழ்நோக்கி வெட்டும் அமைப்பையும் அங்கே தேடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் பில்லுக்கு வருவோம். இன்வாய்ஸில் அச்சிட்டு அனுப்பிய வரி 7.54, நான் எடுத்துக்கொண்ட விலைகளின்படி மொத்தம் 57.92. உங்கள் முறை உங்கள் நாட்டில் ஏற்கப்பட்டதாக இருந்தால், வாங்கியவர் தன் கணக்கில் எழுத வேண்டியதும், வரவாக எடுத்துக்கொள்ள வேண்டியதும், கட்ட வேண்டியதும் அந்த எண்தான். தன் மென்பொருள் மறுபடி கணக்கிட்ட 7.56 அல்ல. கொள்முதல் பதிவில் வரித்தொகையைக் கையால் திருத்தும் வசதி அநேகமாக எல்லாக் கணக்கு மென்பொருளிலும் உண்டு. சிலவற்றில் இத்தனை காசு வரை ஏற்றுக்கொள் என்று வரம்பும் வைக்கலாம். அந்த வரம்பை எல்லா பில்லுக்கும் ஒன்றாக வைக்காமல், ஐட்டத்துக்கு அரைக் காசு என்ற கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து ஐட்டம் உள்ள பில்லில் மூன்று காசு வரை போதும். அந்த எல்லைக்கு மேல் வந்தால் பதிவு நிற்கட்டும், யாராவது ஒருவர் திறந்து பார்க்கட்டும்.